கூட்டம் மாறியது, சிகிச்சை மாறவில்லை

வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் நோயாளர் குடும்பங்களின் வாட்ஸ்அப் குழுக்களில் அடிக்கடி காணக்கூடிய ஒரு வரி உண்டு: “புயல் காரணமாக நாளை மருத்துவமனைக்கு யாரும் வர வேண்டாம். மீட்டிங் ஆன்லைனில் நடக்கும்.” எழுதியவர் நல்லெண்ணத்தோடுதான் எழுதியிருப்பார். எவரும் மழையில் நனைந்து வந்து, பூட்டிய அரங்கின் முன் நின்று திரும்பக் கூடாதென்பதே அவர் கவலை. ஆயினும் சிறுநீரக நோயாளர்களின் குழுவில் இவ்வரி அபாயகரமானது.

இது எவ்வாறு வாசிக்கப்படும் என்பதை எண்ணிப் பாருங்கள். வேலைக்குப் போய்க்கொண்டிருக்கும் மகன், கைபேசித் திரையின் மேற்பகுதியில் செய்தியின் முதல் வரியை மட்டும் காண்கிறார். உடனே வீட்டுக்கு அழைத்து, “அம்மா, நாளைக்கு ஆஸ்பத்திரிக்கு வர வேண்டாமாம், மெசேஜ் வந்திருக்கு” என்கிறார். அந்த அம்மாவுக்கு மறுநாள் கூட்டம் மட்டுமன்று, டயாலிசிஸும் உண்டு. வாரம் இரண்டு அல்லது மூன்று முறை மட்டுமே இயந்திரத்தால் இரத்தம் சுத்திகரிக்கப்படும் ஒருவருக்கு ஒரு முறை தவறினாலும் உடலில் நீர் சேரும். அது நுரையீரலை எட்டினால் மூச்சுத் திணறும். இரத்தத்தில் பொட்டாசியம் கூடினால் இதயத்துடிப்பின் சீர் கெடும்; இதற்குப் பல வேளைகளில் முன்னறிகுறியே இராது. ஒரு கூட்டத்தைப் பற்றிய அறிவிப்பு ஒரு சிகிச்சையை நிறுத்திவிடக் கூடும் என்பதனாலேயே அவ்வறிவிப்பை எழுதும் முறையை இங்கே சற்று விரிவாகக் கூற விரும்புகிறோம். குடும்பக் கூட்டங்களை ஒருங்கிணைக்கும் பொறுப்பைப் பல பிரிவுகளில் நோயாளிகளும் பராமரிப்பாளர்களுமே ஏற்றுள்ளனர். அவ்வறிவிப்பைப் பெறுவோரும் அவர்களே. ஆகவே இப்பாடம் இரு சாராருக்கும் உரியது.

எப்பொழுது முடிவு செய்வது என்பதே முதற்கேள்வி. இந்திய வானிலை ஆய்வுத் துறை புயல் பற்றிய செய்திகளைப் படிப்படியாக வெளியிடுகிறது. கடலோரத்தில் மோசமான வானிலை தொடங்கும் என்று எதிர்பார்க்கப்படும் நேரத்துக்கு 48 மணி நேரமேனும் முன்பாக ஓர் எச்சரிக்கையும், 24 மணி நேரமேனும் முன்பாக அடுத்த கட்ட எச்சரிக்கையும் வரும். இவற்றோடு மாவட்டவாரியாக நிறங்களும் அறிவிக்கப்படும். மஞ்சள் என்றால் கவனமாயிருக்க வேண்டும். ஆரஞ்சு என்றால் ஆயத்தமாக வேண்டும். சிவப்பு என்றால் செயலில் இறங்க வேண்டும். ஒரே நாளில் 20 சென்டிமீட்டருக்கு மேல் மழை பெய்யக்கூடும் என்று கருதப்படும்போது சிவப்பு நிறத்தைக் காண்கிறோம்.

புயல் எங்கே கரையைக் கடக்கிறது என்பதை மட்டும் பார்த்துத் தீர்மானிப்பது தவறு. 2023ஆம் ஆண்டு டிசம்பர் மாதத்தில் மிக்ஜாம் புயல் ஆந்திரத்தின் பாபட்லா அருகேதான் கரையைக் கடந்தது. ஆனால் அதற்கு முன்னரே, கடலில் இருந்தபடியே, சென்னையின் பல பகுதிகளை வெள்ளத்தில் ஆழ்த்திவிட்டது. எனவே நம் மாவட்டத்துக்கு என்ன நிறம், எவ்வளவு மழை என்பதையே பார்க்க வேண்டும்.

இந்தக் காலக்கணக்கோடு வேறொன்றையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். அறிவிப்பு வெளியாக வேண்டிய கடைசி நேரத்தைத் தீர்மானிப்பது புயல் மட்டுமன்று. மிகத் தொலைவிலிருந்து வருபவரும் அதைத் தீர்மானிக்கிறார். ஞாயிறு காலைக் கூட்டத்துக்குத் திருவண்ணாமலைப் பக்கத்துக் கிராமத்திலிருந்து வரும் குடும்பம் சனிக்கிழமை மாலையே பேருந்து ஏறி, சென்னையில் உறவினர் வீட்டில் தங்கும். ஞாயிறு காலை ஏழு மணிக்கு வரும் செய்தி அவர்களுக்குப் பயன்படாது. ஆகவே வெள்ளிக்கிழமை முதல் எச்சரிக்கை வந்தவுடன் “கூட்டம் மாறக்கூடும்; உறுதியான செய்தி நாளை காலை 9 மணிக்கு வரும்; அதுவரை பயணத்தைத் தொடங்க வேண்டாம்” என்று ஒரு சிறு குறிப்பு. சனிக்கிழமை காலை ஒன்பது மணிக்கு முழு அறிவிப்பு. இந்த இரண்டும் போதும். இடையில் “பார்க்கலாம்”, “மழை குறைந்தால் நடத்தலாம்” என்னும் செய்திகள் வந்துகொண்டே இருந்தால், எது கடைசிச் சொல் என்பது எவருக்கும் விளங்காது. மாற்றிவிட்ட பின் மழை பெய்யாமற்போவதும் உண்டு. அப்போதும் மாற்றியதை மீண்டும் மாற்றக் கூடாது என்பதே எங்கள் கருத்து. வெயிலைக் கண்டு பாதிப் பேர் அரங்குக்கும், அறிவிப்பை நம்பிப் பாதிப் பேர் கைபேசிக்கும் போய்விடுவார்கள்.

இனி ஓர் எடுத்துக்காட்டைப் பார்ப்போம். சென்னையின் தென்பகுதியில் ஒரு மருத்துவமனை. அதன் சிறுநீரகப் பிரிவின் குடும்பக் கூட்டத்தில் 38 குடும்பங்கள் என வைத்துக்கொள்வோம். டிசம்பர் 14, ஞாயிற்றுக்கிழமை காலை 10.30 மணிக்குக் கூட்டம். உணவியல் நிபுணர் பொட்டாசியம் குறைந்த சமையலைப் பற்றிப் பேசுவதாக ஏற்பாடு. சனிக்கிழமை காலையில் மாவட்டத்துக்குச் சிவப்பு எச்சரிக்கை வந்துவிட்டது. ஒருங்கிணைப்பாளர் அனுப்ப வேண்டிய அறிவிப்பு ஏறக்குறைய இவ்வாறு இருக்கலாம்.

“டிசம்பர் 13, சனி, காலை 9 மணிச் செய்தி.

டிசம்பர் 14, ஞாயிறு காலை 10.30 மணிக்கு நடைபெறவிருந்த சிறுநீரக நோயாளர் குடும்பக் கூட்டம் மட்டும் அரங்கில் நடைபெறாது. புயல் எச்சரிக்கையை முன்னிட்டு அதே நாளில், அதே நேரத்தில் இணையவழியில் நடைபெறும்.

டயாலிசிஸ், மருத்துவர் சந்திப்பு, இரத்தப் பரிசோதனை ஆகியவற்றில் இவ்வறிவிப்பால் எந்த மாற்றமும் இல்லை. அவற்றின் நேரம் பற்றிய ஐயங்களுக்கு உங்கள் டயாலிசிஸ் அட்டையிலுள்ள எண்ணை அழைத்துக் கேளுங்கள்.

கூட்டத்துக்கான புதிய இணைப்பு கீழே உள்ளது. 10.15 மணியிலிருந்து இணையலாம். கூட்டம் 50 நிமிடம் நடைபெறும்.

ஸ்மார்ட்போன் இல்லாதவர்கள் இன்று மாலை 5 மணிக்குள் உதவி மேசைக்கு அழைத்துப் பெயரைக் கூறினால், ஞாயிறு பகல் 12 மணிக்கு மேல் உணவியல் நிபுணர் உங்களைத் தொலைபேசியில் அழைப்பார்.

ஏற்கெனவே புறப்பட்டுவிட்டவர்கள் உடனே உதவி மேசைக்குத் தெரிவியுங்கள். மருத்துவமனைக்கு வந்து சேர்ந்தவர்கள் தரைத்தள உதவி மேசையருகே அமர்ந்து கூட்டத்தில் கலந்துகொள்ள ஏற்பாடு உள்ளது.

விடுப்பு எடுத்தும், பயணச்சீட்டுப் பதிவு செய்தும், துணைக்கு ஆள் ஏற்பாடு செய்தும் வைத்திருந்த உங்களுக்கு ஒரு நாள் முன்னதாக மட்டுமே தெரிவிக்க நேர்ந்தமைக்கு மன்னிப்புக் கோருகிறோம்.

மின்சாரமோ நெட்வொர்க்கோ இல்லாமல் கூட்டம் நடவாது போனால், டிசம்பர் 21, ஞாயிறு காலை 10.30 மணிக்கு இதே இணைப்பில் நடைபெறும்.”

இதனடியில், தனி வரியாக, இணைப்பு இருக்கும். கூகுள் மீட்டின் இணைப்பு இந்த வடிவில் அமையும். எழுத்துகள் மட்டும் கூட்டத்துக்குக் கூட்டம் மாறும்.

```
https://meet.google.com/abc-defg-hij
```

அறிவிப்பு நீளமாக இருக்கிறதே என்று தோன்றலாம். ஆனால் அதன் வரிசையைக் கவனியுங்கள். முதல் வரியில், அது எப்போது அனுப்பப்பட்டது என்பது உள்ளது. செய்திகள் ஒரு குழுவிலிருந்து இன்னொரு குழுவுக்குக் கடத்தப்படும்போது “இன்று”, “நாளை” என்னும் சொற்கள் பொருளிழந்துவிடும். சனிக்கிழமை எழுதிய “நாளை” ஞாயிற்றுக்கிழமை வாசிப்பவருக்குத் திங்களாகிவிடும். ஆகவே கூட்டம் நடைபெறும் நாள் வருமிடத்தில் தேதி, கிழமை இரண்டும் வேண்டும். அடுத்து, “மட்டும்” என்ற ஒரு சொல் உள்ளது. கூட்டம் மட்டும் அரங்கில் நடைபெறாது. இந்தச் சொல்லும், சிகிச்சை மாறவில்லை என்று கூறும் இரண்டாம் பத்தியும் இணைப்புக்கு முன்னரே வந்துவிடுகின்றன. இணைப்பைக் கண்டவுடன் பலர் அதைத் தொட்டுப் பார்க்கப் போய்விடுவார்கள். அதற்குக் கீழே எழுதியதை வாசிப்போர் சிலரே. “மருத்துவமனைக்கு வர வேண்டாம்” என்னும் தொடர் அறிவிப்பில் எங்குமே இல்லை என்பதையும் காணலாம்.

புயல் காலத்தில் டயாலிசிஸ் நேரங்கள் மாறவே மாறா என்று இதற்குப் பொருளில்லை. சாலைகள் மூழ்கக்கூடும் என்றால் ஒரு நாள் முன்னதாகவே டயாலிசிஸ் செய்துகொள்வது பெரும்பாலும் நல்லது. எச்சரிக்கை வந்தவுடன் உங்கள் பிரிவை அழைத்து “முன்கூட்டியே செய்ய இயலுமா” என்று கேளுங்கள். அம்முடிவு டயாலிசிஸ் பிரிவினுடையது. அதை அவர்களே உங்களிடம் கூற வேண்டும். கூட்ட அறிவிப்புக்குள் அதைக் கலந்து எழுதக் கூடாது. அடுத்த டயாலிசிஸ் தாமதமாகலாம் என்ற நிலை வந்தால், குடிக்கும் நீரின் அளவையும் பொட்டாசியம் மிகுந்த உணவுகளையும் வழக்கத்தினும் கடுமையாகக் குறைக்குமாறு மருத்துவர்கள் கூறுவர். வெள்ளத்தின்போது அன்போடு கொடுக்கப்படும் இளநீரும் வாழைப்பழமும் இவ்வகையைச் சேர்ந்தவை என்பதை இங்கே நினைவூட்டிக்கொள்கிறோம்.

மன்னிப்பைப் பற்றி ஒரு சொல். சாலை தோண்டும் இடங்களில் “சிரமத்திற்கு வருந்துகிறோம்” என்ற பலகையை நாம் அனைவரும் கண்டிருக்கிறோம். எவருடைய சிரமம், என்ன சிரமம் என்று அது கூறுவதில்லை. அதனால் எவரும் அதை வாசிப்பதுமில்லை. மேலேயுள்ள அறிவிப்பு புயலுக்காக மன்னிப்புக் கேட்கவில்லை. புயலை எவரும் வரவழைக்கவில்லை. விடுப்பு, பயணச்சீட்டு, துணைக்கு ஆள் என்று குடும்பங்கள் உண்மையில் இழப்பவற்றைப் பெயர் சொல்லிக் குறிப்பிட்டு, அவற்றுக்காகக் கேட்கிறது. ஒரு டயாலிசிஸ் நோயாளியை அழைத்து வருவதற்காக ஒரு நாள் கூலியை விட்டு வருபவர்கள் நம்மிடையே உள்ளனர். அந்த இழப்பு கண்டுகொள்ளப்பட்டது என்பது அவர்களுக்குத் தெரிய வேண்டும். அதற்கு ஒரு வாக்கியம் போதும். மூன்று பத்திகள் மன்னிப்புக் கேட்டால் இணைப்பு கீழே புதைந்துவிடும்.

அடுத்து இணைப்பு. அது ஏன் தனி வரியில் இருக்க வேண்டும் என்று சிலர் கேட்பதுண்டு. வாக்கியத்தின் நடுவில் எழுதி, அதையடுத்து ஒரு முற்றுப்புள்ளியோ தமிழ் விகுதியோ இடைவெளியின்றி ஒட்டிக்கொண்டால், கைபேசி அதையும் முகவரியின் பகுதியாகக் கருதக்கூடும். தொட்டால் கூட்டம் திறக்காது. இணைப்பைக் கையால் தட்டச்சு செய்யவும் கூடாது. நகலெடுத்து ஒட்டிய பின், ஒருங்கிணைப்பாளர் தம் கைபேசியில் அல்லாமல் வேறொருவர் கைபேசியில் அதைத் தொட்டுப் பார்க்கச் செய்ய வேண்டும். கூட்டத்தை உருவாக்கியவருக்கு எப்போதும் கதவு திறக்கும். பிறருக்குத் திறக்கிறதா என்பதே சோதனை.

அந்தப் பிறருக்கு என்ன தெரியும் என்பதையும் கூறிவிடுகிறோம். இணைப்பைத் தொட்டதும் கைபேசியில் அச்செயலி திறந்து, உங்கள் முகத்தைக் காட்டும். `Join` என்றோ `Ask to join` என்றோ ஒரு பொத்தான் இருக்கும். `Ask to join` என்று இருந்தால், அதைத் தொட்ட பிறகு நடத்துநர் தம் திரையில் `Admit` என்பதைத் தொடும் வரை நீங்கள் காத்திருக்க வேண்டும். இது பழுதன்று; வாசலில் நின்று கதவைத் தட்டுவது போன்றது. இங்கேதான் ஒரு வேடிக்கையான சிக்கல் எழுகிறது. கைபேசியை அமைத்துக் கொடுத்தவர் பேரனாக இருப்பார். அதிலுள்ள கணக்கும் அவர் பெயரில் இருக்கும். நடத்துநர் திரையில், அறிந்த நோயாளியின் பெயருக்குப் பதில் அறியாத இளைஞரின் பெயர் தோன்றும். முன்பின் தெரியாதவர் என்று எண்ணி அவர் அனுமதிக்காமல் விட்டால், பாட்டி வெளியிலேயே நிற்க வேண்டியதுதான். ஆகவே முதல் நாளே “என் கைபேசியில் இந்தப் பெயர் தெரியும்” என்று ஒருங்கிணைப்பாளருக்கு ஒரு வரி அனுப்பிவிடுங்கள். அவரும் அப்பெயர்களைத் தாளில் எழுதி அருகில் வைத்துக்கொள்ள வேண்டும்.

அறிவிப்பில் 50 நிமிடம் என்று குறித்ததற்குக் காரணம் உண்டு. கட்டணமில்லாக் கணக்கில் கூகுள் மீட்டில் மூவரோ அதற்கு மேற்பட்டோரோ கூடினால் 60 நிமிடத்திலும், ஜூம் செயலியில் 40 நிமிடத்திலும் கூட்டம் முடிந்துவிடும். அரங்கில் இரண்டு மணி நேரம் நடப்பதை அப்படியே கைபேசிக்குள் அடக்க இயலாது. உணவியல் நிபுணரின் உரையைப் பதினைந்து நிமிடமாகச் சுருக்கி, மீதியைக் கேள்விகளுக்கு விடுவது நல்லது. நோயாளிகள் வருவது பெரும்பாலும் கேட்பதற்கே.

அறிவிப்பை அனுப்பியதோடு வேலை முடிந்ததாக நினைப்பது பெருந்தவறு. நம் எடுத்துக்காட்டில் சனிக்கிழமை நண்பகலில் என்ன நிலை என்று பார்ப்போம். ஒருங்கிணைப்பாளர் தாம் அனுப்பிய செய்தியை அழுத்திப் பிடித்து அதன் விவரத்தைத் திறக்கிறார். யார் யார் வாசித்தார்கள், யாருக்குச் சென்றது ஆனால் வாசிக்கவில்லை என்பது அங்கே தனித்தனியே தெரியும். 24 குடும்பங்கள் வாசித்துள்ளன. 14 குடும்பங்கள் வாசிக்கவில்லை. அந்த 14 பேரையும் தொலைபேசியில் அழைக்க வேண்டும். அனைவரையும் அழைப்பதற்கு நேரமில்லையென்றால், தொலைவிலிருந்து வருவோரை முதலிலும் அருகிலிருப்போரைப் பின்னரும் அழைக்கலாம். ஒன்பது பேர் எடுக்கிறார்கள். மூவர் மாலையில் திருப்பி அழைக்கிறார்கள். இருவர் மட்டும் எந்த முயற்சிக்கும் கிட்டவில்லை.

அந்த இருவருக்காகத்தான் மருத்துவமனை வாயிலில் ஒட்டும் தாள். முதன்மை வாயில், அரங்கின் கதவு, டயாலிசிஸ் பிரிவின் காத்திருப்பு இடம் ஆகிய மூன்றிலும் பெரிய எழுத்தில் ஒட்ட வேண்டும். வாயிற்காவலரிடமும் வாய்மொழியாகச் சொல்லி வைக்க வேண்டும். “மீட்டிங் கேன்சல், வீட்டுக்குப் போங்க” என்று அவர் சொல்லிவிடாமல், “டயாலிசிஸ் என்றால் உள்ளே போங்கள், கூட்டம் என்றால் உதவி மேசைக்குப் போங்கள்” என்று சொல்ல வேண்டும். நனைந்து வந்தவரை அந்த மழையிலேயே திருப்பி அனுப்புவது எவ்வகையிலும் நியாயமில்லை. ஒரு நாற்காலியும் ஒரு மடிக்கணினியும் அவருக்குப் போதும்.

அறிவிப்பில் ஏதேனும் திருத்த வேண்டியிருந்தால் பழைய செய்தியை அமைதியாகத் திருத்திவிடக் கூடாது. வாட்ஸ்அப்பில் அனுப்பிய 15 நிமிடத்துக்குள் செய்தியைத் திருத்த முடியும். ஆனால் திருத்தப்பட்டது என்று எவருக்கும் புதிய ஒலி எழும்பாது. முன்பே வாசித்தவர் பழைய நேரத்தையே மனத்தில் வைத்திருப்பார். பழையதை நீக்கிவிட்டு, “இது காலை 11 மணிச் செய்தி, 9 மணிச் செய்தியை விட்டுவிடுங்கள்” என்று தொடங்கி முழு அறிவிப்பையும் மறுபடி அனுப்புவதே தெளிவு.

பெறுவோருக்கு ஓர் எச்சரிக்கை. மருத்துவமனையின் பெயரில் போலிச் செய்திகள் வருவதற்கு இத்தகைய குழப்பமான நாட்கள் ஏற்றவை. கூட்டத்தில் சேர்வதற்கு ஓ.டி.பி. எண் எதுவும் தேவையில்லை, பணம் தேவையில்லை, ஆதார் எண்ணோ காப்பீட்டு அட்டை எண்ணோ தேவையில்லை. `.apk` என்று முடியும் கோப்பு ஒன்றை நிறுவச் சொன்னால் அது கூட்ட இணைப்பன்று, தொடாதீர்கள். இணைப்பின் முகவரி `https://` என்பதை அடுத்து `meet.google.com/` என்று எழுத்துப் பிசகாமல் தொடங்குகிறதா என்று பாருங்கள். ஐயமிருந்தால், செய்தியில் கொடுத்துள்ள எண்ணை அழைக்காமல், உங்கள் டயாலிசிஸ் அட்டையில் முன்னரே அச்சிட்டுள்ள எண்ணை அழையுங்கள். பணம் பறிபோய்விட்டதென்றால் 1930 என்ற எண்ணுக்கு உடனே தெரிவிக்க வேண்டும். தாமதிக்கும் ஒவ்வொரு மணி நேரமும் அதை மீட்கும் வாய்ப்பைக் குறைக்கும். அதுபோலவே, கூட்ட இணைப்பை உறவினர் குழுக்களுக்கும் தெருக் குழுக்களுக்கும் கடத்தாதீர்கள். அக்கூட்டத்தில் பேசப்படுவது பிறருடைய நோய்.

புயலுக்குப் பதில் நோய் காரணமாகக் கூட்டம் மாறும்போது அறிவிப்பின் உடல் பெரிதும் மாறுவதில்லை. காரணத்தைக் கூறும் வரி மட்டும் கவனமாக அமைய வேண்டும். மாற்றுச் சிறுநீரகம் பொருத்தப்பட்டவர்கள், உடல் அதை நிராகரிக்காதிருக்க நோயெதிர்ப்பைக் குறைக்கும் மருந்துகளை நாள்தோறும் உட்கொள்கிறார்கள். பிறருக்கு மூன்று நாள் காய்ச்சலாக வந்து போகும் இன்ஃபுளுவென்சா அவர்களை மருத்துவமனைப் படுக்கையில் கிடத்தக்கூடும். இன்ஃபுளுவென்சா கண்டவர் காய்ச்சல் தொடங்குவதற்கு ஒரு நாள் முன்பிருந்தே அதைப் பரப்பக்கூடும். தொடங்கிய பின் ஏறத்தாழ ஐந்து முதல் ஏழு நாள் வரையும் பரப்பலாம். ஆகவே உரையாற்ற வேண்டியவருக்கோ நடத்துநருக்கோ முதல் நாள் மாலையில் காய்ச்சல் கண்டால், “ஒரு மாத்திரை போட்டுக்கொண்டு வந்துவிடுகிறேன்” என்பதை ஏற்கக் கூடாது. காய்ச்சல் தணிந்தாலும் தொற்று தணியவில்லை.

அந்நிலையில் “நடத்துநர்களுள் ஒருவருக்குக் காய்ச்சல் இருப்பதால், தொற்று பரவாதிருக்கும் பொருட்டுக் கூட்டம் இணையவழிக்கு மாற்றப்படுகிறது” என்பது போதும். அவர் யார், என்ன காய்ச்சல், எந்த வார்டில் இருக்கிறார் என்பதைப் பொதுக்குழுவில் எழுதக் கூடாது. அது அவருடைய மருத்துவச் செய்தி. ஆனால் கடந்த இரண்டு மூன்று நாட்களில் அவரோடு நெருங்கி உட்கார்ந்திருந்தவர் எவரேனும் இருந்தால், அவரைத் தனியே தொலைபேசியில் அழைத்துச் சொல்ல வேண்டும். அவர் மாற்றுச் சிறுநீரகம் பெற்றவராயின் அன்றே தம் மருத்துவரிடம் கூற வேண்டும். காய்ச்சல் வரட்டும் என்று காத்திருக்க வேண்டியதில்லை. தொடக்கத்திலேயே கொடுத்தால்தான் இன்ஃபுளுவென்சாவுக்கான மருந்து நன்கு பயன்தரும்.

இறுதியாக, இணையவழியும் கைகொடுக்காத நாளைப் பற்றிக் கூற வேண்டும். மிக்ஜாமின்போது சென்னையின் பல பகுதிகளில் மின்சாரமும் இல்லை, கைபேசித் தொடர்பும் இல்லை. கோபுரங்களுக்கு மாற்று மின்சாரம் தீர்ந்ததும் அவை ஓய்ந்துவிடும். வீட்டில் கைபேசி நிறைய மின்னேற்றம் செய்து வைத்திருந்தாலும் பயனிராது. ஆகையால் கடுமையான புயல் நேராக நம் பகுதியை நோக்கி வருகிறதென்றால், அதே நாளில் இணையவழியில் நடத்தலாம் என்று நம்புவதைவிடக் கூட்டத்தை ஒரு வாரம் தள்ளிவைப்பதே நல்லது என்று கருதுகிறோம். அறிவிப்பில் மாற்று நாளை முன்கூட்டியே எழுதியது இதற்காகத்தான். தொடர்பு அற்றுப்போன பிறகு புதிய தேதியை எவருக்கும் தெரிவிக்க முடியாது. முன்பே எழுதியிருந்தால் அவர்கள் கையில் அது இருக்கும்.

ஓரளவு தொடர்பு இருந்தும் காணொளி தடுமாறினால் முதலில் படக்கருவியை அணைத்துவிட்டு ஒலியை மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். அதுவும் அறுந்தால், பல கைபேசிகளில் சாதாரண அழைப்பிலேயே ஒருவரோடு ஒருவராக ஐந்து பேர் வரை இணைத்துப் பேச முடியும். 38 குடும்பங்களுக்கு இது போதாதுதான். ஆயினும் புதிதாக டயாலிசிஸ் தொடங்கிய நான்கைந்து பேரை உணவியல் நிபுணரோடு இணைத்துவிட்டால், அன்று அவசியமாகக் கேட்க வேண்டியவர்கள் கேட்டுவிடுவார்கள். மற்றவர்களுக்கு டிசம்பர் 21 இருக்கிறது.

உங்கள் குடும்பக் குழுவின் ஒருங்கிணைப்பாளரிடம் இம்மாதம் மூன்று செய்திகளைக் கொடுத்து வையுங்கள்: வாட்ஸ்அப் பாராதபோது அழைக்க வேண்டிய ஓர் உறவினரின் எண், கைபேசித் திரையில் தோன்றும் பெயர், கூட்டத்துக்கு எங்கிருந்து எந்நேரத்தில் புறப்படுவீர்கள் என்ற விவரம். தரைத்தள உதவி மேசையில் இதற்கான படிவம் வைக்கப்பட்டுள்ளது. எழுத இயலாதவர்கள் வாய்மொழியாகக் கூறினால் அங்குள்ளவர்களே நிரப்பித் தருவார்கள்.